கடாரம் கொண்டது எப்படி? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ராஜேந்திர சோழன் பேச்சை எடுத்தால் சற்று நேரத்தில் அது பினாங்கில் போய் நிற்கும். மலாயாவுக்குப் போய்வந்த ஒருவரின் படம் இங்கே பல வீட்டு முகப்பில் தொங்குகிறது. அதனால் கடாரம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது பாடப்புத்தகப் பெயர் மட்டுமில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு இரண்டு வரிதான்.

சுருக்கமா சொல்லுங்க. நடந்தது என்ன?

1025ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் ராஜேந்திரன் வங்கக் கடலுக்கு அப்பால் ஒரு கப்பற்படையை அனுப்பினான். எதிரி ஸ்ரீவிஜயம். சுமத்ராத் தீவின் பலெம்பாங்கைத் தலைமையாகக் கொண்டு, கடாரம் உட்பட மலாக்கா நீரிணையின் இரு கரைத் துறைமுகங்களையும் கையில் வைத்திருந்த வணிகப் பேரரசு அது. சோழப்படை அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்க வர்மனைப் பிடித்தது, கருவூலத்தை அள்ளியது, பதின்மூன்று இடங்களைத் தாக்கியது, திரும்பி வந்துவிட்டது. நாடு பிடித்து உட்காரவில்லை.

எங்க ஐயா பினாங்குல கிட்டங்கி வச்சிருந்தாக. கடாரம்னா அதுக்குப் பக்கமா?

பக்கம் என்ன, அந்த மண்ணேதான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். பினாங்குத் தீவும் 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும்வரை கெடா சுல்தானுக்குச் சொந்தமாகத்தான் இருந்தது. உங்கள் ஐயா பினாங்கு ஸ்ட்ரீட்டில் கணக்கு எழுதியது பழைய கடாரத்து எல்லைக்குள் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய துறைமுகம் தீவில் இல்லை, எதிர்க்கரையில் இருந்தது. மெர்போக் ஆறு, மூடா ஆறு இரண்டும் கடலில் சேரும் பகுதி அது. பின்னால் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய் மலை நிற்கிறது. தாழ்ந்த கரையில் தனித்து நிற்கும் மலை என்பதால், மேற்கிலிருந்து வரும் மாலுமிக்குக் கரை தெரிவதற்கு முன்பே மலை தெரிந்துவிடும். கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் ஒரு துறைமுகத்துக்கு இதைவிடப் பெரிய சொத்து வேண்டியதில்லை.

கல்வெட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? எல்லாரும் ரெண்டு வரி சொல்லிட்டு நிறுத்திடுறாக.

அந்த இரண்டு வரிக்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. ராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தலையில் வரும் வெற்றிப் புகழுரை, ‘திருமன்னி வளர’ என்று தொடங்கும். ஈழம், கேரளம், கங்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் கடலுக்குள் இறங்குகிறது:

அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்திச்
சங்கிராம விசயோத்துங்க வன்மனாகிய
கடாரத்து அரசனை…

முதலில் அரசனையும் அவனுடைய போர் யானைகளையும் பிடித்ததைச் சொல்கிறது. அடுத்தது, அவன் சேர்த்து வைத்திருந்த பெருநிதி. அதற்கப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். நகரத்தின் போர் வாசலில் இருந்த ‘விச்சாதிரத் தோரணம்’, மணிகள் பதித்த ஒளிரும் புதவம், கனமான மணிக்கதவம் என்று வாசல் சாமான்களைத் தனித்தனியாக எண்ணுகிறது. தோரணம் முழு வாசல், புதவம் சின்னத் திட்டிவாசல், கதவம் பெரிய கதவு. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பட்டியல் எடுத்ததுபோல இருக்கிறது. பொதுவாக மெய்க்கீர்த்திகள் யானை, குதிரை, பொன் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இவ்வளவு நுணுக்கம் அபூர்வம்.

பிறகு ஊர்கள். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், மானக்கவாரம், கடைசியாகக் கடாரம். மொத்தம் பதின்மூன்று.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். புலவர் எதுகைக்காக முன்னால் ஒட்டு வைத்திருக்கிறார். ‘கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலம்’ என்பதில் ஊர்ப்பெயர் தக்கோலம்தான். ‘தேனக்க வார்பொழில் மானக்கவாரம்’ என்பதில் ‘மா’வை எடுத்துவிட்டால் நக்கவாரம், அதாவது நிக்கோபார். இலாமுரி சுமத்ராவின் வடமுனை, இன்றைய ஆச்சே. மலையூர் சுமத்ராவின் ஜாம்பி. இலங்காசோகம் தாய்லாந்தின் பத்தானிப் பக்கம். மாதமாலிங்கம் இன்றைய நக்கோன் சி தம்மராட். தக்கோலத்தைத் தாய்லாந்தின் மேற்குக் கரையில், பெரும்பாலும் தக்குவாபா பக்கம் வைக்கிறார்கள். மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு போன்ற சிலவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இடம் இன்றுவரை இல்லை. யாராவது பதின்மூன்றுக்கும் புள்ளி வைத்த வரைபடம் காட்டினால் அதில் சில புள்ளிகள் ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெய்க்கீர்த்தி வரவு மட்டும் எழுதிய பேரேடு. கிடைத்தது எல்லாம் இருக்கும். எத்தனை கப்பல் போனது, எத்தனை திரும்பியது, எத்தனை பேர் செத்தார்கள், எவ்வளவு செலவு என்கிற பற்றுப் பக்கமே கிடையாது. இந்தப் படையெடுப்பைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் அந்தக் காலிப் பக்கத்தை அவரவர் விருப்பப்படி நிரப்புவதால் வருபவைதான்.

1025னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றாக? கல்வெட்டுல கி.பி. போட்டிருக்கா?

போட்டிருக்காது, ஆட்சியாண்டுதான் இருக்கும். மெய்க்கீர்த்தி என்பது ஆண்டுக்கு ஆண்டு வளரும் ஒன்று. புதுவெற்றி வந்தால் கடைசியில் புது வரிகள் சேரும். ராஜேந்திரனின் ஆண்டுகளை, அவன் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கிய 1012இலிருந்து எண்ணுகிறார்கள். கடாரத்து வரிகள் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில் தலைகாட்டுகின்றன. அதற்கு முந்தையவை கங்கையோடு நின்றுவிடுகின்றன. 12 கூட்டல் 14 என்று போட்டு 1026 என்று சொல்லிவிடக் கூடாது; 1012தான் முதலாம் ஆண்டு. ஆக, 1025 என்பது செய்தி கல்லில் ஏறிய ஆண்டு. கப்பல்கள் புறப்பட்டது அதற்கு முந்தைய பருவமாகவும் இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முழுப் பட்டியலோடு இருக்கும் கல்வெட்டு 19ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது 1030ஐ ஒட்டியது.

நாகப்பட்டினத்துல விகாரை கட்ட இடம் கொடுத்து நல்லா இருந்தவுகதானே? ஏன் திடீர்னு சண்டை?

நல்லாத்தான் இருந்தார்கள். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் சூளாமணி வர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டத் தொடங்கினான், மகன் மாறவிஜயோத்துங்க வர்மன் முடித்தான். அதற்காக ராஜராஜன் தன் 21ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் ஊரின் வருமானத்தை எழுதிவைத்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 8,900 கலம் நெல். இன்று லைடன் செப்பேடுகள் என்று சொல்லப்படுபவற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. ராஜேந்திரன் ஆட்சியின் தொடக்கத்திலும் ஸ்ரீவிஜய அரசனின் முகவர் நாகை காயாரோகணர் கோயிலுக்கு நகைகள் கொடுத்திருக்கிறார். ‘சீனக் கனகம்’, அதாவது சீனத்துப் பொன், கொடுத்த செய்தியும் அங்கே கல்வெட்டில் இருக்கிறது.

அந்தச் சீனத்துப் பொன்னைக் கவனியுங்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்போது சீனத்தில் சோங் அரசமரபு. கடல்வழி வணிகத்துக்குக் குவாங்சூத் துறைமுகத்தைத் திறந்து வைத்து வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் கரையிலிருந்து அங்கே போக வேண்டுமானால் ஸ்ரீவிஜயத்தின் கைப்பிடியில் இருக்கும் நீரிணை வழியாகத்தான் போக வேண்டும். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனத் தலைநகரை அடைந்தபோது, புறப்பட்டு 1,150 நாள் ஆகியிருந்தது என்று சீனக் குறிப்பு சொல்கிறது. அந்தப் பயணத்தில் ஸ்ரீவிஜயமும் ஒரு நிறுத்தம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அனுப்பிய அரசனே உயிரோடு இல்லை.

ஸ்ரீவிஜயம் கப்பல்களை எப்படி நடத்தியது என்பதற்கு 1225இல் எழுதிய சீன அதிகாரி சாவ் ருகுவா ஒரு குறிப்பு தருகிறார். துறைமுகத்துக்குள் வராமல் தாண்டிப் போகும் வணிகக் கப்பலை அவர்களுடைய படகுகள் துரத்திப்போய்ச் சாகத் துணிந்து தாக்குமாம். முன்காலத்தில் நீரிணையில் ஏற்றி இறக்கக்கூடிய இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள் என்றும் சொல்கிறார். இது 200 ஆண்டு கழித்து எழுதியது. அப்படியே 1025க்கு எடுத்துப் பொருத்தக் கூடாது. ஆனால் பிழைப்பு முறை அதுதான். ஸ்ரீவிஜயத்துக்குப் பெரிய நெல்வயல் பரப்பு கிடையாது. கப்பல் நின்றால்தான் சோறு.

இன்னொன்றும் உண்டு. சீன அரசவையில் வெளிநாட்டுத் தூதர்களுக்குத் தரவரிசை இருந்தது. யார் பெரிய நாடு, யார் சின்ன நாடு என்பதை வைத்து மரியாதையும் சலுகையும் கிடைக்கும். சோழர்கள் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர்கள் என்ற எண்ணம் அந்த அரசவையில் வேரூன்றியிருந்தது. 1106இல்கூட, பர்மாவின் பாகன் நாட்டுத் தூதரை எப்படி வரவேற்பது என்று பேசும்போது, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு உட்பட்டது என்று ஒரு சீன அதிகாரி எடுத்துச் சொல்கிறார். அடி வாங்கி 80 வருடம் ஆன பிறகு! இந்தக் கதையை நடுவில் இருந்த தரகரே பரப்பினார் என்று சில வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்கும் தரகர் இரண்டு பக்கமும் வேறு வேறு கதை சொல்வது தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

ராஜேந்திரன் எந்தக் கல்வெட்டிலும் ‘இதனால் படையெடுத்தேன்’ என்று சொல்லவில்லை. பொருள் வேட்டை, புகழ் ஆசை, வணிக வழி மூன்றும் சேர்ந்திருக்கும். ஆனால் தாக்கிய ஊர்களைப் பார்த்தால் வணிக வழிதான் முன்னால் நிற்கிறது. கடாரமும் தக்கோலமும் மலாய் நிலப்பகுதியின் மேற்குக் கரை; இலங்காசோகமும் மாதமாலிங்கமும் கிழக்குக் கரை. நீரிணையைச் சுற்றிப் போக விரும்பாதவர்கள் மேற்கில் சரக்கை இறக்கி, காட்டு வழியே சுமந்து, கிழக்கில் மறுபடி கப்பல் ஏற்றும் வழக்கம் உண்டு. நீரிணையின் வாயில் இலாமுரி, உள்ளே பண்ணை, மலையூர், ஸ்ரீவிஜயம். ஆக கடல்வழி, தரைவழி இரண்டிலும் சுங்கம் பிடிக்கும் இடங்களாகப் பார்த்து அடித்திருக்கிறார்கள்.

பாய்மரக் கப்பல்ல அவ்வளவு தூரம் போக எத்தனை நாள் ஆகும்?

நல்லவேளையாக ஒரு பழைய கணக்கு கையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யிஜிங் தன் காலத்துப் பயணிகளின் வழிகளைக் குறித்து வைத்தார். அவர்களில் ஊசிங் என்ற துறவி பலெம்பாங்கிலிருந்து மலையூருக்கு 15 நாளிலும், அங்கிருந்து கடாரத்துக்கு 15 நாளிலும் போனார். குளிர்காலம் வரக் காத்திருந்து, கடாரத்திலிருந்து மேற்கே 30 நாளில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார்.

நாகைக்கும் கடாரத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். முப்பது நாள் என்றால் நாளைக்கு 75 கிலோமீட்டர் சொச்சம். இரவும் பகலும் ஓடும் கப்பலுக்கு அது மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம், நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. சராசரிதான், காற்று நன்றாக இருக்கும் நாளில் பறக்கும், இல்லாத நாளில் அப்படியே கிடக்கும்.

ஊசிங் குளிர்காலத்தில் வந்ததில்தான் சூட்சுமம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று, கிழக்கே இருப்பவரை நம் கரைக்குத் தள்ளும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நம்மைக் கிழக்கே தள்ளும். போகும் படைக்கு ஒன்று, திரும்பும் படைக்கு இன்னொன்று. நடுவில் அக்டோபர், நவம்பரில் நாகைக் கரையில் புயல். அந்த மாதங்களில் ஒரு கடற்படையை அங்கே நிறுத்திவைக்க யாரும் துணிய மாட்டார்கள்.

சரி, இதை ராஜேந்திரன் படைக்குப் போட்டுப் பார்ப்போம். தென்மேற்குக் காற்று நிலைத்ததும் புறப்பட்டால், வழியில் நக்கவாரத்தில் தண்ணீரும் தேங்காயும் ஏற்றலாம். அந்தத் தீவுக்காரர்கள் தேங்காயும் வாழையும் படகில் கொண்டுவந்து இரும்புக்கு மாற்றிக்கொள்வதை யிஜிங்கே எழுதியிருக்கிறார். நீரிணைக்குள் நுழைந்ததும் பெருங்காற்று விட்டுவிடும். அங்கே காற்று பலவீனம், திசை மாறும், இரவில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ச் சூறை வரும். பலெம்பாங்கை அடிக்க அதோடு முடியாது. நகரம் கடற்கரையில் இல்லை, மூசி ஆற்றில் சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் ஏற்றத்தைப் பார்த்து ஆற்றில் ஏற வேண்டும். இரு பக்கமும் சதுப்பு நிலம். போக மட்டும் இரண்டு மாதம் ஆகிவிடும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் வடகிழக்குக் காற்று வரும்வரை ஊர் திரும்ப முடியாது. மொத்தத்தில் ஏழெட்டு மாதத்துக்குக் குறையாத பயணம் என்பது என் கணக்கு.

வேறு பாதை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஈழத்தின் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கி, சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிப் போய், சுண்டா நீரிணை வழியாகப் பலெம்பாங்கின் முதுகுப்புறம் வந்தார்கள் என்பது அவர்கள் கட்சி. எதிரி எதிர்பாராத திசை என்ற வகையில் கவர்ச்சியான யோசனைதான். ஆனால் அந்தக் கரையில் இருக்கும் ஓர் ஊர்கூட மெய்க்கீர்த்தியில் இல்லையே என்பது என் தயக்கம்.

எத்தனை கப்பல் போச்சு? தளபதி யாரு? ராஜேந்திரனே நேர்ல போனாரா?

‘பல கலம்’. அவ்வளவுதான் கல்வெட்டு. ஆயிரம் கப்பல், அறுபதாயிரம் வீரர் என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வருவதற்கு அடிப்படை இல்லை. தளபதி பெயரும் மெய்க்கீர்த்தியில் இல்லை. கப்பல்களைச் ‘செலுத்தி’ என்றுதான் இருக்கிறது. அரசன் நேரில் போனதாகச் சொல்லவில்லை. தலைநகரை விட்டு ஓர் அரசன் காற்றுக்குக் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பது நடக்கிற காரியமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆமைக்குப் பின்னாலேயே போய்த்தான் சோழர் வழி கண்டுபிடிச்சாகளாமே?

சோழர் கல்வெட்டு எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை. 1025இல் அந்தக் கடல் புதுக்கடல் அல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் இறங்கிய சரக்குகளில் ‘காழகத்து ஆக்கமும்’ என்று சேர்க்கிறது; உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்கிறார். தக்குவாபாவில் மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் ஒரு குளம் இருந்ததை ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. வழி தெரிந்த மாலுமிகள் நாகையில் கடைவீதியிலேயே கிடைத்திருப்பார்கள்.

பட்டியல்ல ஊர் வர்ற வரிசைதான் படை போன வரிசையா?

நிரூபிக்க முடியாது. எதுகைக்காக வரிசையை மாற்றியிருப்பார்கள் என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. எதுகை ஒவ்வொரு அடிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ‘கலங்கா வல்வினை இலங்காசோகம்’ என்கிற அடியைத் தூக்கி எங்கே வைத்தாலும் ஓசை கெடாது. ஆக, ஸ்ரீவிஜயத்தை முதலிலும் கடாரத்தைக் கடைசியிலும் வைத்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

நேரே தலைநகரை அடித்து, அரசனைப் பிடித்து, தலையில்லாமல் தடுமாறிய மற்றத் துறைமுகங்களைத் திரும்பும் வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று படித்தால் பொருள் வருகிறது. பட்டியலும் தெற்கே தொடங்கி வடமேற்கே இலாமுரி, நக்கவாரம் என்று ஊர் திரும்புகிறது. ஆனால் நக்கவாரத்துக்கு அப்புறம் கடாரம் வந்து இடிக்கிறது. நிக்கோபார் வரை வந்தவன் மறுபடி கிழக்கே போவானா? பிடிபட்ட அரசனைக் ‘கடாரத்து அரசன்’ என்றே தொடங்கியதால், முத்தாய்ப்பாகக் கடாரத்தைக் கடைசியில் வைத்தார்கள் என்று கொள்ளலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். இரண்டு மூன்று அணிகளாகப் பிரிந்து ஒரே சமயத்தில் தாக்கினார்கள் என்று கொள்பவர்களுக்கும் பட்டியல் இடம் கொடுக்கிறது.

அப்ப மலாயாவை சோழர் ஆண்டாகளா, இல்லையா?

இல்லை. ஈழத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள், பொலன்னறுவையில் கோயில் எழுப்பினார்கள், கல்வெட்டு வெட்டினார்கள். நாடு பிடித்தால் சோழர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அது சாட்சி. கடாரத்துக்கு மண்டலப் பெயரும் இல்லை, வரிக் கணக்கும் இல்லை. 1028லேயே ஸ்ரீவிஜயத்தின் பெயரில் ஒரு தூதுக்குழு சீனத்துக்குப் போகிறது. ராஜேந்திரனின் தூது 1033இல் போகிறது.

பிற்பாடு உறவு எப்படி மாறியது என்பதும் சுவையானது. 1068ஐ ஒட்டி ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன், தன்னிடம் அடைக்கலமாக வந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்ததாகச் சொல்கிறான். 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, நாகை விகாரைக்கு உரிய ஊர்களின் வரிச்சலுகையை எழுதி வாங்கிப் போகிறார்கள். ஆக, சண்டைக்குப் பிறகும் விகாரையை யாரும் தொடவில்லை. அதன் கோபுரம் ஒன்று 1867 வரை நாகையில் நின்றுகொண்டிருந்தது. இடித்தது இன்னொரு காலத்தவர்.

நம்ம நகரத்தார் அந்தப் படையோட போனாகளா?

சான்று இல்லை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நகரத்தார் மரபு. கடல் வாணிகம் அந்த மரபின் நினைவில் இருக்கிறது. ஆனால் 1025இல் அவர்கள் கப்பலோ பணமோ கொடுத்தார்கள் என்று ஒரு கல்வெட்டும் சொல்லவில்லை. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று கொண்டுவிற்கப் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியின் வழியில். நடுவில் 800 வருட இடைவெளி. அதை ஒரே தாவலில் தாண்டி ‘அன்று வாளோடு போனோம், இன்று பெட்டகத்தோடு போனோம்’ என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும், ஆதாரம் கிடைக்காது.

அந்தக் காலத்து வணிகர்களில் கடலுக்கு அப்பால் கல்வெட்டே வைத்தவர்கள் ஐந்நூற்றுவர். சுமத்ராவின் மேற்குக் கரையில், சூடத்துக்குப் பேர்போன பாரூஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையது. படை போய் அறுபது வருடத்தில் வணிகர் சங்கம் சொந்தமாக விதி எழுதும் அளவுக்கு அங்கே ஊன்றிவிட்டது. படையெடுப்பால் லாபம் யாருக்கு என்று கேட்டால் நான் அந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

ராமநாதபுரம் பக்கத்துல கிடாரம்னு ஊர் இருக்கே, அதுவா இது?

உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. கல்வெட்டு முதலில் அச்சேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆய்வாளர்களே கடாரத்தைப் பாண்டிய நாட்டுக்குள் தேடினார்கள். அப்புறம் கொஞ்சகாலம் பர்மா என்றார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918இல் சீனக் குறிப்புகளையும் சுமத்ராக் கல்வெட்டுகளையும் சேர்த்துவைத்து ஸ்ரீவிஜயம் என்ற பேரரசையே அடையாளம் காட்டிய பிறகுதான் கடாரம் கெடாவில் நிலைகொண்டது. ஆழ்கடல், யானை, நக்கவாரம், இலாமுரி எல்லாம் ராமநாதபுரத்தில் அடங்காது. நம் பக்கத்துப் பெயர்கள் பல வெற்றியின் நினைவாக வைத்தவை. திருவாரூர் அருகே கிடாரங்கொண்டான் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

மலேசியா டூர் போறோம். புஜாங் பள்ளத்தாக்குல ராஜேந்திரன் கட்டின கோயில் இருக்குன்னு சொல்றாகளே?

போய்ப் பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. புக்கிட் பத்து பஹாட்டில் கருங்கல் அடித்தளத்தோடு ஒரு கோயிலை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அருங்காட்சியகம். கருவறை, முன்மண்டபம் என்ற அமைப்பு நமக்குப் பழகியதுதான். ஆனால் ராஜேந்திரன் பெயர் பொறித்த கல்வெட்டு அங்கே கிடைத்ததில்லை. வழிகாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் சீனப் பீங்கான் ஓடுகளையும் மணிகளையும் நிதானமாகப் பாருங்கள். துறைமுகம் எதில் பிழைத்தது என்பது அதில்தான் தெரியும்.

அவ்வளவு தூரம் போக முடியாது. இங்க எங்க பார்க்கலாம்?

காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் தஞ்சாவூர். பெரிய கோயிலின் தெற்குச் சுவரில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து சோழர் காலத்துத் தமிழ். புள்ளி பெரும்பாலும் இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது, அதனால் முதல் பார்வையில் ஒன்றும் பிடிபடாது. மெய்க்கீர்த்தியின் அச்சுப்படியை கையில் வைத்துக்கொண்டு ‘அலைகடல்’ என்ற சொல்லைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைத்துவிட்டால் அங்கிருந்து ஒவ்வோர் ஊராக விரலை ஓட்டலாம். சுவரைத் தொடாமல், அரை அடி தள்ளி வைத்து. காவலாளி பார்த்துக்கொண்டே இருப்பார்.